ஏஜிங் ஷீட்: IFஆ, VLOOKUPஆ, SUMIFSஆ?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மொத்த வியாபாரம் செய்பவர்களுக்குப் பாக்கி என்றால் அநேகமாகத் தோட்டத்துக் கடைப் பாக்கிதான். 30 நாள் கடனுக்குச் சாமான் போகும், தோட்டத்தில் 10ஆம் திகதிவாக்கில் சம்பளம் போட்ட பிறகுதான் கடைக்காரர் கையில் காசு புரளும். யார் எத்தனை நாள் இழுக்கிறார் என்று எக்செலில் பிரித்துப் பார்க்கும் ஏஜிங் ஷீட்டுக்கு மூன்று வழி இருக்கிறது. எது சுலபம் என்று கேட்பதைவிட, தரவு பிசகினால் எது எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று கேட்பதுதான் சரி.

அடித்தளம் மூன்றுக்கும் ஒன்றுதான். A கடையின் பெயர், C பில் திகதி, D கடன் நாள், E பாக்கி, F கெடு, G கெடு தாண்டிய நாள், K1இல் அறிக்கைத் திகதி.

```
F2: =IF(C2="","",C2+D2)
G2: =IF(F2="","",$K$1-F2)
```

K1இல் TODAY() போடாதீர்கள். மாத முடிவுக்கு எடுத்த அறிக்கையை அடுத்த வாரம் திறந்தால் எண்களெல்லாம் நகர்ந்திருக்கும்.

இனி போட்டியாளர்கள்:

```
=IF(G2<=0,"கெடு வராதது",IF(G2<=30,"1-30 நாள்",
 IF(G2<=60,"31-60 நாள்",IF(G2<=90,"61-90 நாள்","90+"))))

=VLOOKUP(G2,$M$2:$N$6,2,TRUE)

=SUMIFS($E:$E,$A:$A,$P2,$G:$G,">=31",$G:$G,"<=60")
```

முதல் இரண்டும் ஒவ்வொரு பில்லுக்கும் H நிரலில் பிரிவின் பெயரை எழுதும், பிறகு அதை வைத்துக் கூட்ட வேண்டும். மூன்றாவது நேரே கடைவாரியாகக் கூட்டிவிடும் (P2இல் கடையின் பெயர்), மேலே இருப்பது 31-60 பிரிவுக்கு, மற்றப் பிரிவுகளுக்கும் இதேபோல ஒவ்வொன்று எழுத வேண்டும். VLOOKUP பார்க்கும் M நிரலில் -9999, 1, 31, 61, 91 என்று ஏறுவரிசையில் இருக்க வேண்டும், எதிரே N நிரலில் பெயர்கள். -9999க்குப் பதில் 0இல் தொடங்கினால் கெடு வராத பில்லெல்லாம் #N/A ஆகிவிடும். அப்புறம், N நிரலில் வெறும் 1-30 என்று அடித்தால் எக்செல் அதைத் திகதியாக்கிவிடும், 'நாள்' என்று சேர்த்து எழுதுங்கள்.

ஒரு கடையை எடுப்போம், அறிக்கை 2025 ஜூன் 30க்கு. ஏப்ரல் 12 பில் 38,500 ரூபா, 49 நாள் தாண்டியது. ஏப்ரல் 30 பில் 22,000, ஆனால் பில்லிங் மென்பொருளிலிருந்து வந்ததால் திகதியோடு பிற்பகல் 2:24 என்ற நேரமும் ஒட்டியிருக்கிறது, அதனால் G 30.4 ஆகிறது. 17,250 ரூபா பில்லில் திகதியே அடிக்கவில்லை. ஜூன் 10 பில் 41,000, கெடு வரவில்லை. மொத்தம் 1,18,750.

அடுக்கு IFஇல் கூட்டல் முழுசாக வரும், அங்கேதான் வில்லங்கம். திகதி இல்லாத பில்லுக்கு G வெறும் எழுத்து (""). எக்செல் ஒப்பிடும்போது எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது, ஆகவே எல்லா <= சோதனையிலும் தோற்று 17,250 சத்தமில்லாமல் 90+க்குள் போய் உட்காரும். நல்ல கடைக்காரரிடம் போய் மூன்று மாசப் பாக்கி என்று சண்டை பிடிப்பீர்கள்.

VLOOKUP அதே பில்லுக்கு #N/A என்று கத்தும். அசிங்கமாக இருக்கிறதென்று IFERROR போட்டு மூடாதீர்கள், அந்தக் கத்தலுக்குத்தான் இந்த வழியையே எடுக்கிறோம். ஆனால் 30.4ஐ இது 1-30க்குள் போடும், நாட்காட்டிப்படி அது 31 நாள். இந்த ஒரு பில்லில் அடுக்கு IFதான் சரியாகச் சொல்கிறது, அதுவும் தற்செயலாக.

SUMIFS இரண்டையுமே விழுங்கிவிடும். 30.4, <=30இலும் இல்லை >=31இலும் இல்லை, எழுத்தை அது எண்ணிக்கையில் சேர்ப்பதே இல்லை. எல்லாப் பிரிவையும் கூட்டினால் 79,500 வரும், 39,250 காணாமல் போயிருக்கும், எந்தக் கலத்திலும் பிழைச் செய்தி இருக்காது.

நேரச் சிக்கலுக்கு மருந்து, F2இன் IFஐ அப்படியே வைத்துக்கொண்டு அதிலுள்ள C2+D2ஐ மட்டும் INT(C2)+D2 என்று மாற்றுவது. மற்றதற்கு, பிரிவுகளின் கூட்டலை E நிரல் கூட்டலிலிருந்து கழிக்கும் ஒரு கலம், அது பூச்சியமாக இருக்க வேண்டும். அடுக்கு IFக்கு மட்டும் இந்தக் கலம் உதவாது, தப்பான பிரிவில் விழுந்தாலும் கூட்டல் சரியாகத்தானே வரும்.

இன்னொன்று, சம்பளம் வரும்வரை ஒரு வாரம் பத்து நாள் தாமதிப்பது இங்கே சாதாரணம், அதனால் முதலாளி 1-10, 11-30 என்று பிரிக்கச் சொல்வார். VLOOKUPஇல் அட்டவணை நடுவே ஒரு வரி செருகி M நிரலில் 11 போட்டுப் பெயர்களைத் திருத்தினால் போதும், $M$2:$N$6 தானாக விரியும். அடுக்கு IFஇல் சூத்திரத்தையே மாற்றி எல்லா வரிக்கும் இழுக்க வேண்டும், ஃபில்டர் போட்டிருந்தால் மறைந்திருக்கும் வரிகள் பழைய சூத்திரத்தோடே தங்கிவிடும்.

என் தேர்வு INTஓடு VLOOKUP. நாலைந்து கடை மட்டும் என்றால் SUMIFS போதும், சரிபார்ப்புக் கலம் இருக்கும்வரை. அடுக்கு IFஐ ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த ஷீட்டில் பார்த்தால், முதலில் 90+ பில்களை G நிரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், G காலியாக இருக்கும் வரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.