பதிவெண்ணிலிருந்து துறைப் பெயர்: அடுக்கு IF-ஆ, SWITCH-ஆ?

தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் நான் பணியாற்றுகிறேன். ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் முன்னர் மாணவர்களின் பதிவெண்ணைக் கொண்டு துறை வாரியாக இருக்கைப் பட்டியல் தயாரிப்பது எங்கள் வேலைகளுள் ஒன்று. அண்ணா பல்கலைக்கழகப் பதிவெண்ணில் 12 இலக்கங்கள் உண்டு. முதல் நான்கு கல்லூரியையும், அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டையும், அதற்கடுத்த மூன்று துறையையும், கடைசி மூன்று வரிசை எண்ணையும் குறிக்கும். துறைக் குறியீடுகளில் 103 என்பது சிவில், 104 கணினி அறிவியல், 105 மின்னியல் (நாங்கள் வாய்ச்சொல்லில் ட்ரிபிள் ஈ என்போம்), 106 ஈ.சி.ஈ., 114 மெக்கானிக்கல், 205 தகவல் தொழில்நுட்பம். ஏழாம் இடத்திலிருந்து மூன்று இலக்கங்களை எடுத்து அவற்றுக்குரிய முழுப்பெயரை அடுத்த கட்டத்தில் வரவழைக்க வேண்டும். அதை எக்செலில் எழுதும் இரு வழிகளைத்தான் இங்கே எடை போடுகிறேன்.

எனக்கு முன்பிருந்தவர்கள் விட்டுச் சென்ற கோப்பில் இருந்தது அடுக்கு IF. அது இவ்வாறு இருந்தது:

```
=IF(MID(A2,7,3)="103","Civil",
 IF(MID(A2,7,3)="104","CSE",
 IF(MID(A2,7,3)="105","EEE",
 IF(MID(A2,7,3)="106","ECE","Mechanical"))))
```

கடைசி வரியைக் கவனியுங்கள். நான்கு குறியீடுகளைச் சோதித்த பின் மிஞ்சுவது மெக்கானிக்கல்தான் என்று எழுதியவர் எண்ணியிருக்கிறார், அதனால் 114 என்ற எண் சூத்திரத்தில் எங்குமே இல்லை. தகவல் தொழில்நுட்பத் துறை கல்லூரிக்கு வந்த ஆண்டில், 205 என்ற குறியீடு கொண்ட மாணவர்கள் அனைவரும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் மெக்கானிக்கல் பட்டியலில் போய் அமர்ந்துவிட்டார்கள். மெக்கானிக்கல் அறையில் ஏன் இவ்வளவு பெயர்கள் என்று ஒரு கண்காணிப்பாளர் கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அடுக்கு IF-இன் நீளத்தைத்தான் பலரும் குறை கூறுவார்கள். எக்செல் 2003 வரை ஏழு அடுக்குகள்தாம் அனுமதி, 2007 முதல் 64 வரை செல்லலாம் என்பதால் நீளம் இன்று பெரிய தடையன்று. உண்மையான ஆபத்து அந்தக் கடைசி இடத்தில் இருக்கிறது, ஏனெனில் மிச்சத்துக்கெல்லாம் அங்கே ஒரு துறையின் பெயரைச் சூட்டிவிடுவது கைக்கு எளிதாக வருகிறது. MID துண்டு நான்கு முறை எழுதப்பட்டிருப்பதும் தொல்லைதான். ஒன்றில் 7-க்குப் பதில் 6 என்று விழுந்துவிட்டால், மற்ற மூன்றும் சரியாக இருப்பதால் கண்ணில் படாது.

SWITCH-இல் சோதிக்கப்படும் மதிப்பு ஒரே முறை எழுதப்படுகிறது, பிறகு குறியீடும் பெயரும் இணை இணையாக வருகின்றன, எதற்கும் பொருந்தாதவற்றுக்கான விடை முடிவில் தனியாக நிற்கிறது:

```
=SWITCH(MID(A2,7,3),
 "103","Civil",
 "104","CSE",
 "105","EEE",
 "106","ECE",
 "114","Mechanical",
 "205","IT",
 "தெரியாத குறியீடு "&MID(A2,7,3))
```

இணைகளை ஒரு வரிக்கு ஒன்றாக எழுத ஆல்ட்-என்டர் அழுத்தினால் போதும். புதிய துறை வந்தால் ஒரு வரி சேர்ப்பதோடு வேலை முடிகிறது, முடிவில் அடைப்புக்குறிகளை எண்ண வேண்டியதில்லை.

மேற்கோள் குறிகள் அழகுக்காக அல்ல. MID எப்போதும் எழுத்தாகவே விடை தரும். எனவே 104 என்று வெறும் எண்ணாக எழுதினால் "104" என்ற எழுத்தோடு அது பொருந்தாது, எல்லாக் குறியீடுகளையும் இப்படி எழுதினால் பட்டியல் முழுவதும் தெரியாத குறியீடாகிவிடும். ஒரு மாணவருக்குக்கூடப் பெயர் வரவில்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சிலருக்கு மட்டும் வரவில்லையென்றால் காரணம் வேறு. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டப்பட்ட பதிவெண்ணுக்கு முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஆண்டும் அதற்குப் பின் வருவனவும் 22104035 என்றிருக்கும் மாணவருக்கு, எல்லாம் ஓரிடம் தள்ளிப்போய், 104-க்குப் பதில் 210 கிடைக்கும். கடைசி விடையில் குறியீட்டையும் சேர்த்து எழுதியிருப்பதால், "தெரியாத குறியீடு 210" என்று திரையில் பார்த்ததுமே ஓரிடம் நகர்ந்திருப்பது புரிந்துவிடும். பழைய IF-இலோ இந்த மாணவரும் சத்தமின்றி மெக்கானிக்கலுக்குப் போயிருப்பார். பதிவெண்ணைச் சுற்றி TRIM போட்டால் சாதாரண இடைவெளி நீங்கும். வலைப்பக்கங்களில் வரும் CHAR(160) என்ற இடைவெளியை TRIM தொடாது, அதற்கு SUBSTITUTE வேண்டும்.

ஆனால் SWITCH-க்கும் தனக்கே உரிய ஒரு பொறி உண்டு. அது IF-இல் இல்லாதது. இணைகளைப் பிரித்துக் காட்டும் குறி எதுவும் சூத்திரத்துக்குள் கிடையாது, எண்ணிக்கை மட்டுமே பிரிக்கிறது. முதல் ஐந்து துறைகளை மட்டும் வைத்து, கடைசி விடையையும் எழுதாமல், அவசரத்தில் "CSE" என்பதை விட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது 104-க்குரிய விடை "105" ஆகிவிடும், "EEE"-க்கு "106", "ECE"-க்கு "114" என்று இணைகள் மாறி, தனித்து நிற்கும் "Mechanical" கடைசி விடையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விளைவாக 105, 106, 114 மூன்றும் மெக்கானிக்கல் ஆகும். பழைய கோளாறு புது வேடத்தில் வந்து நிற்கும். அதே தவறு, கடைசி விடை எழுதப்பட்ட சூத்திரத்தில் நேர்ந்தால், எண்ணிக்கை இரட்டைப்படையாகி, இயல்புவிடைக்கு இடமே இல்லாமல் போகும்; 105, 106, 114 மூன்றுக்கும் #N/A வரும், பட்டியல் உடனே அலறும். ஆகவே கடைசி விடையை ஒருபோதும் விடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

எண் வரம்பு வேண்டும் வேலைக்கு, அதாவது மதிப்பெண் 50-க்கு மேலா கீழா என்பது போன்றவற்றுக்கு, SWITCH நேரடியாக உதவாது. அது சரிசமம் மட்டுமே பார்க்கும். அங்கே IF-உம் IFS-உம்தான் பொருத்தம். துறைகளின் எண்ணிக்கை பத்தைத் தாண்டினாலோ, ஒரே பெயர்ப்பட்டியல் பல கோப்புகளுக்குத் தேவைப்பட்டாலோ, நானாக இருந்தால் SWITCH-ஐயும் விட்டுவிட்டுக் குறியீட்டுத் தாள் ஒன்றை வைத்து VLOOKUP போடுவேன். அப்போது குறியீட்டு நெடுவரிசையை எழுத்து வடிவத்தில் அமைத்த பிறகே தட்டச்ச வேண்டும், இல்லையெனில் மேற்சொன்ன எண்–எழுத்துச் சிக்கல் அங்கும் வரும். நாலாம் இடத்தில் FALSE எழுதுவதையும் மறக்கக் கூடாது.

அடுக்கு IF-க்கு இன்னமும் ஓர் அனுகூலம் மிஞ்சியிருக்கிறது. SWITCH எக்செல் 2019-லும் மாதச் சந்தா பதிப்பிலும் உள்ளது, லிபர்ஆபிஸில் 5.2 முதல் உள்ளது, கூகுள் ஷீட்ஸிலும் உள்ளது. எக்செல் 2010 போன்ற பழையவற்றில் இல்லை. அந்தக் கணினியில் கோப்பைத் திறந்தால் சூத்திரம் _xlfn.SWITCH என்று தெரியும், பழைய விடை சிறிது நேரம் தாங்கும், கட்டத்தைத் தொட்டு என்டர் அழுத்தினால் #NAME? ஆகிவிடும். வடசேரியில் நாங்கள் பட்டியல் அச்சிடும் கடையில் இன்னமும் அந்தப் பழைய பதிப்புதான். அதனால் கோப்பை எடுத்துச் செல்லும் முன் துறை நெடுவரிசையை நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்பாக மட்டும் ஒட்டி, வேறு பெயரில் சேமித்துக் கொண்டு போகிறேன்.