டேமேஜ் நோட்டும் தகர டப்பாவும்: குடோனில் இரண்டு வருட அனுபவம்

கொளத்தூரில் ஸ்டேஷனரி கடை போடும் நண்பர் ஒருவர், "உன் குடோனில் சரக்கு கரைவதை எப்படி நிறுத்தினாய்?" என்று கேட்டார். பெரம்பூரில் எங்கள் மளிகைக் கடையில் மொத்தம் நான்கே பேர்: நான், என் மனைவி, வேலைக்கு இரண்டு பையன்கள். குடோன் வேலையை ஆளுக்கொன்றாகப் பிரித்து, முன்கூட்டியே சொல்லாமல் சரக்கை எண்ணும் முறைக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. அவருக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்பெல்லாம் மூத்த பையனே லோடு இறக்குவான், கம்ப்யூட்டரில் ஏற்றுவான், உடைந்ததை டேமேஜ் நோட்டில் எழுதுவான். நம்பிக்கையான ஆள். சனிக்கிழமை இரவு நான் எண்ணினால் இருப்பு சரியாகவே இருக்கும். ஒரு கூந்தல் எண்ணெய், 200 மில்லி பாட்டில். போன எண்ணிக்கையில் 31. அப்புறம் வந்தது 48, பில் போட்டது 37, டேமேஜ் 2. மீதி 40 இருக்க வேண்டும், 40 இருந்தது. இதில் என்ன தப்பு கண்டுபிடிப்பது?

தப்பு அந்த 2-ல் இருந்தது. ஒருநாள் நோட்டை மூன்று மாதம் பின்னோக்கிப் புரட்டினேன். அந்த எண்ணெய் மட்டும் 14 பாட்டில் டேமேஜ். பக்கத்து ரேக்கில் அதே அளவு இன்னொரு எண்ணெய், ஒன்றுதான். இரண்டும் பிளாஸ்டிக் பாட்டில். குடோன் மூலையில் இருந்த டேமேஜ் பெட்டியைக் கவிழ்த்தேன். மூடி விரிசல் விட்ட காலி பாட்டில் ஒன்று விழுந்தது. விலை ஸ்டிக்கர் பாதி கிழிந்து, மேலே மஞ்சள் தூள் பட்ட விரல் தடம். போன மாதமும் அதே பாட்டிலைத்தான் எனக்குக் காட்டியிருந்தான். ஒரே காலி பாட்டில் பல முறை "உடைந்திருக்கிறது".

டேமேஜ் என்று எழுதிவிட்டால் கணக்கிலேயே இருப்பு குறைந்துவிடும். அதனால் எத்தனை முறை எண்ணினாலும் குறை தெரியாது. அன்றிலிருந்து வேலையைப் பிரித்தேன். குடோன் சாவி வைத்திருப்பவர் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. ஏற்றுவது என் மனைவி. அவள் குடோனுக்குள் போவதில்லை. டேமேஜ் எழுதுவது நான் மட்டும். பொருளைக் கையில் வாங்கிப் பார்த்து, மார்க்கர் பேனாவால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு, தேதி எழுதிய பிறகுதான் நோட்டில் ஏறும். இந்தப் பெருக்கல் குறிதான் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி. அடுத்த மூன்று மாதத்தில் அந்த எண்ணெய் ஒன்றுகூட டேமேஜ் ஆகவில்லை.

பிரித்தது மட்டும் போதாது. பையில் போட்டுக்கொண்டு போகும் பொருள் எந்த நோட்டிலும் ஏறாது, அதை எண்ணித்தான் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணினால் வெள்ளிக்கிழமையே தயாராகிவிடுகிறார்கள். அதனால் எளிதில் கைமாறும் 30 பொருட்களின் பெயரைச் சீட்டில் எழுதித் தகர டப்பாவில் போட்டிருக்கிறேன். தோன்றும் நாளில் ஐந்து சீட்டு எடுப்பேன். எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவிலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணி முடித்த பொருளை இனி எடுத்தாலும் மாட்ட மாட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எண்ணுபவரிடம் கம்ப்யூட்டர் இருப்பைச் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த எண்ணே பதிலாக வரும். குடோனையும் கடை ரேக்கையும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். இல்லையென்றால் ஒரே பாட்டில் இரண்டு இடத்திலும் எண்ணிக்கையில் வந்துவிடும்.

இதில் ஒரு முறை நானே பெரிய தவறு செய்தேன். நெய் 12 பாட்டில் குறைந்தது. சின்னவனைக் கடையில் வைத்தே கத்திவிட்டேன். "அண்ணே, அந்த லோடு இன்னும் வரவே இல்லை" என்றான். பில் முந்தின நாள் மாலையே வந்து கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. சரக்கு மறுநாள்தான் இறங்கியது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. இப்போது வந்த பில், போன பில் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் சீட்டு எடுக்கிறேன்.

எனக்கு ஓயாத எரிச்சல் லீவு நாட்கள். நான்கு பேரில் ஒருவர் இல்லாவிட்டால் பிரிப்பு அத்தனையும் குலைந்துபோகிறது. பொங்கல், ஆடி, யார் வீட்டிலாவது காதுகுத்து என்று ஒவ்வொரு முறையும் இதே கதை. ஒருவர் கையில் சாவியும் கணக்கும் சேர்ந்துவிடுகிறது. லீவுக்கு முன்பும் பின்பும் முப்பது பொருளையும் எண்ணிவைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரவு பத்து மணிக்கு மேல், காற்றே வராத அந்த அறையில்.

முறை நல்ல முறை. ஆனாலும் நண்பரிடம் "முழுதாகச் செய்" என்று நான் சொல்லவில்லை. அவர் கடையில் அவரும் ஒரு பையனும்தான். டேமேஜ் பேனாவை மட்டும் உன் சட்டைப்பையில் வை, மற்றதை மூன்றாவது ஆள் வந்த பிறகு பார்த்துக்கொள் என்றேன். நாளை என் மனைவி நான்கு நாள் ஊருக்குப் போகிறாள். இன்றிரவு முப்பது சீட்டும் எனக்குத்தான்.