வாய்ச்சொல்லா, வாட்ஸ்அப்பா, தேதி போட்ட கடிதமா?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எழுதும் பெண்ணிடம், கூட வேலை பார்ப்பவர் புடவையையும் உடம்பையும் பற்றி அடிக்கடி ஏதாவது சொல்கிறார். மேலாளரிடம் இதை எப்படிக் கொண்டுபோவது?

நேரில் சொல்வது எளிது. "நான் கண்டிக்கிறேன்மா" என்று மேலாளர் மனதாரவே சொல்லலாம். ஆனால் மறுபடி நடந்தால், முன்பே சொன்னோம் என்பதற்கு இருவர் நினைவைத் தவிர எதுவும் இருக்காது.

வாட்ஸ்அப்பில் தேதியும் நேரமும் தானாகப் பதியும். அது நல்லதுதான். ஆனால் கோபத்தில் தட்டுகிறபோது "எப்பவும் இப்படித்தான், வக்கிர புத்தி" என்றுதான் வரும். நடந்தது என்ன என்பது அதில் இருக்காது. தவிர, ஒரே தட்டலில் அது அடுத்தவர் கைக்குப் போய்விடும். பாதிப் பேர் உறவாக இருக்கும் ஊரில் சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும்.

ஆகவே என் தேர்வு கடிதம், அல்லது சொந்த முகவரியிலிருந்து மேலாளருக்கு மட்டும் போகும் மின்னஞ்சல். தலைப்பில் "மந்தணம்" என்று மட்டும் இருக்கட்டும், விஷயம் வேண்டாம். உள்ளே இப்படி:

"12.08.2025, செவ்வாய், காலை 11 மணி அளவில், பில் போடும் அறையில், 'இந்தப் புடவையில உடம்பு எடுப்பா தெரியுது' என்றார். எடை போடுபவர் அருகில் இருந்தார். இப்படிப் பேச வேண்டாம் என்று சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார்."

அவர் சொன்ன வார்த்தை கூசினாலும் அப்படியே இருக்க வேண்டும். "அசிங்கமாகப் பேசினார்" என்று எழுதினால், விசாரிப்பவர் தன் அளவுகோலில் ஊகித்துக்கொள்வார். நேரம் சரியாகத் தெரியாவிட்டால் "அளவில்" போதும். ஊகித்து எழுதிய ஒரு நிமிடக் கணக்கு தப்பானால் மற்றதையும் சந்தேகிப்பார்கள். அருகில் இருந்தவரைக் குறிப்பிடலாம், அவரிடம் முன்கூட்டிப் பேசிக் கையெழுத்துக் கேட்கப் போக வேண்டாம். ரகசியம் அங்கேயே உடைந்துவிடும். ஒவ்வொரு சம்பவமும் தனிப் பத்தியாக வரட்டும். கடைசியில், இது யாருக்கெல்லாம் தெரியப்படுத்தப்படும் என்று கேட்டு, பெற்றுக்கொண்டதற்குப் பதிலும் கேளுங்கள். நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

கடிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மேலாளருக்கு எழுதுவது, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013 சட்டப்படி அளிக்கும் புகார் ஆகிவிடாது. அது உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுத்தில் போக வேண்டும், கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். "பார்க்கிறேன்" என்று மேலாளர் நாளைக் கடத்தினால் இந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். தேதி வாரியாக எழுதியது கையில் இருந்தால், அதையே வைத்துக் குழுவுக்குப் புகார் எழுதிவிடலாம். அந்த ஆலையில் 10 பேருக்கும் குறைவாக வேலை செய்தாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும்.