“ஃப்ரீசிங்க் இருக்கு சார்” என்று மானிட்டர் விற்றால் முதலில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை. கல்லூரி மாணவர் ஒருவர் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியும் 24 அங்குல, 75 ஹெர்ட்ஸ் மானிட்டரும் சேர்த்து வாங்கினார். “படம் கிழியாம ஓடணும்ணா, என்விடியா கார்டுக்கு செட் ஆகுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டினார். “ஃப்ரீசிங்க் இருக்கு தம்பி, எந்த கார்டுக்கும் ஓடும்” என்பது கடைக்காரர் சொன்ன பதில். பெட்டியிலும் ஃப்ரீசிங்க் முத்திரை இருந்தது. வீட்டில் விளையாட்டைத் திறந்ததும் படம் நடுவில் கிழிந்தது. கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால் தூணின் மேல்பாதி ஓரிடத்திலும் கீழ்பாதி விரல் அகலம் தள்ளியும் நிற்கிறது.

மானிட்டரில் கோளாறு எதுவும் இல்லை, கார்டும் நன்றாகவே ஓடுகிறது. இரண்டுக்கும் பொருத்தம்தான் இல்லை. அந்த மானிட்டரின் பின்பக்கம் இருப்பவை ஒரு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ, அவ்வளவுதான். டிஸ்பிளேபோர்ட் கிடையாது. ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது.

75 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரைய சுமார் 13.3 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. கார்டு நொடிக்கு 110 ஃபிரேம் தந்தால் 9 மில்லிவினாடிக்கு ஒரு புதுப் படம் தயாராகிவிடும். திரை பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த படம் நுழைவதால், நுழைந்த இடத்தில் ஒரு கோடு விழுகிறது. அடாப்டிவ் சிங்க் இதைத் தலைகீழாக்குகிறது: கார்டு படத்தைத் தரும்வரை திரை காத்திருந்து, வந்ததும் வரையத் தொடங்கும். ஃப்ரீசிங்க் என்பது இதற்கு ஏஎம்டி நிறுவனம் வைத்த பெயர், ஜி-சிங்க் என்பது என்விடியா வைத்த பெயர்.

2014இல், திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு அடாப்டிவ் சிங்க்கை டிஸ்பிளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. எச்டிஎம்ஐயில் அப்போது இப்படி ஒரு வசதி இல்லாததால், ஏஎம்டி தன் கார்டுகளுக்காகத் தனியாக ஒரு நீட்டிப்பை உருவாக்கிக்கொண்டது. மலிவு மானிட்டர்களின் “எச்டிஎம்ஐ வழி ஃப்ரீசிங்க்” என்பது பெரும்பாலும் இதுதான். ஏஎம்டி கார்டுக்கு அது வேலை செய்யும். என்விடியாவோ 2019 ஜனவரியில் 417.71 டிரைவரோடு ஃப்ரீசிங்க் மானிட்டர்களுக்குக் கதவைத் திறந்தபோது, ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிந்தைய கார்டுகளும் டிஸ்பிளேபோர்ட்டில் இணைந்திருந்தால் மட்டும் என்றது. எச்டிஎம்ஐக்கும் விஆர்ஆர், அதாவது திரையின் ஹெர்ட்ஸ் ஃபிரேமுக்கேற்ப மாறும் பொதுவான வசதி, 2017இல் வெளியான 2.1 தரத்தில் வந்தது. ஆனால் அதற்கு மானிட்டரும் எச்டிஎம்ஐ வழியாக அந்த விஆர்ஆரையே தர வேண்டும். 75 ஹெர்ட்ஸ் மலிவு மானிட்டரில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆக, முத்திரை பொய்யில்லை, “எந்த கார்டுக்கும்” என்ற வார்த்தைதான் பொய்.

புகார் சொன்னதும் கடை தந்த முதல் வைத்தியம் “வி-சிங்க் ஆன் பண்ணுங்க”. திரை ஒரு படத்தை வரைந்து முடிக்கும்வரை கார்டைக் காத்திருக்க வைக்கும் அமைப்பு அது. கிழிசல் போகும், ஆனால் வேறு தொல்லை வரும். ஒரு ஃபிரேம் 14 மில்லிவினாடி எடுத்தால் 13.3 என்ற வாய்ப்பைத் தவறவிட்டு அடுத்த சுற்றுவரை, அதாவது 26.7 வரை, காத்திருக்க வேண்டும். பல விளையாட்டுகளில் 75 சட்டென்று 37.5க்கு விழுவது இதனால்தான். மவுஸை நகர்த்தினாலும் திரை கொஞ்சம் தாமதித்தே நகரும்.

இரண்டாவது வைத்தியம் இன்னும் மோசம்: “கார்டுல டிபி இருக்குல்ல, டிபி டு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிக்கோங்க.” அதற்கும் காசு வாங்கினார்கள். அந்த கேபிளைச் செருகியதும் கார்டு தன் டிஸ்பிளேபோர்ட் வழியாகவே எச்டிஎம்ஐ சிக்னலை அனுப்பத் தொடங்கும். மானிட்டரைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. இந்தக் கேபிளுக்கு யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் கணினியில் இது ஓடுகிறதா என்று பார்க்க, முதலில் மானிட்டரின் மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க்கை ஆன் செய்யுங்கள். பல மாடல்களில் அது ஆஃப் நிலையில்தான் வரும். பிறகு NVIDIA Control Panel திறந்து இடப்பக்கம் Display பிரிவில் “Set up G-SYNC” என்ற வரி இருக்கிறதா பாருங்கள். பொருத்தமான இணைப்பு இல்லையென்றால் அந்த வரியே தெரியாது. மாணவரின் கணினியில் தெரியவில்லை. வரி இருந்தால் ஆன் செய்து, என்விடியா சோதிக்காத மாடல் என்றால் “Enable settings for the selected display model” என்பதையும் டிக் செய்யுங்கள். மானிட்டர் மெனுவில் ஹெர்ட்ஸ் எண்ணைக் காட்டும் வசதி இருந்தால் விளையாடும்போது அந்த எண் ஏறி இறங்க வேண்டும். 75இலேயே ஆணி அடித்தது போல நின்றால் ஓடவில்லை.

டிஸ்பிளேபோர்ட் உள்ள மானிட்டர் வாங்கியவர்களும் ஒருமுறை பாருங்கள். பல பெட்டிகளில் எச்டிஎம்ஐ கேபிள் மட்டுமே போட்டுத் தருகிறார்கள், அசெம்பிள் செய்பவரும் அதையே செருகிவிட்டுப் போய்விடுகிறார். (கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டுப் போனவர்களும் உண்டு.)

டிஸ்பிளேபோர்ட் இருந்தாலும் விஆர்ஆர் வரம்பைக் கேளுங்கள், அதாவது எந்த ஹெர்ட்ஸிலிருந்து எந்த ஹெர்ட்ஸ்வரை அது ஓடும் என்று. 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் 48–75 என்பது சாதாரணம். விளையாட்டு 40 ஃபிரேமுக்கு இறங்கினால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டலாம், ஆனால் இந்தத் திரைக்கு 80 எட்டாது. அதனால் 48க்குக் கீழே கிழிசலோ திக்கலோ திரும்பி வரும். 48–144 மானிட்டரில் அதே 40 சிக்கலின்றி ஓடும். மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டிய கணக்கு.

மேல் பக்கமும் வரம்பைத் தாண்டக் கூடாது. ஜி-சிங்க் ஆனில் வைத்து, கன்ட்ரோல் பேனலில் Vertical sync ஆன், விளையாட்டுக்குள் வி-சிங்க் ஆஃப், Max Frame Rate உச்சத்தைவிட 3 குறைவாக வையுங்கள்: 75க்கு 72, 144க்கு 141. சரியாக 75 என்று வைத்தால், ஃபிரேம் நேரம் சீராக வராததால் சில ஃபிரேம்கள் வரம்பைத் தாண்டும், வி-சிங்க் தாமதம் மறுபடி நுழையும்.

மாணவர் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு சமாளிப்பு உண்டு. ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் RTSS மென்பொருளில் அந்த வரம்பை மானிட்டரின் உண்மையான ஹெர்ட்ஸைவிட 0.01 குறைவாக வைத்து வி-சிங்க்கை ஆன் செய்யுங்கள். மானிட்டர் 74.97இல் ஓடுகிறதென்றால் 74.96. ஃபிரேம்கள் வரிசையில் குவியாததால் தாமதம் நன்றாகக் குறையும். ஆனால் கார்டு 75ஐ விடாமல் தர வேண்டும். அதற்கேற்ப விளையாட்டின் தரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

“டிஸ்பிளே எரியுது, ஃபால்ட் இல்ல” என்று சொல்லிக் கடை மாற்றித் தர மறுத்துவிட்டது. வாய்ச்சொல்லைத் தவிர மாணவரிடம் சான்று எதுவும் இல்லை. ஆகவே பணம் கட்டும் முன் மாடல் எண்ணோடு “டிஸ்பிளேபோர்ட் உள்ளது, என்விடியா கார்டில் ஜி-சிங்க் ஓடும்” என்று பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்குங்கள். எழுதித் தந்த பிறகும் ஓடவில்லை, மாற்ற மறுக்கிறார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.