போனஸ் கணக்கு: மாசத்தை எண்ணிப் பெருக்கறதா, நாளை எண்ணிப் போடறதா?

ஃபேக்டரி போனஸ் கணக்குக்கு ரெண்டு வழி ஓடுது. ஒண்ணு, உச்சவரம்பு × வேலை செஞ்ச மாசம் × சதவீதம், ஒரே வரில முடிஞ்சிரும். இன்னொண்ணு, ஒவ்வொரு மாசமும் எத்தனை நாள்னு ஹாஜர் பதிவேட்டைப் பாத்து தனித்தனியா போட்டுக் கூட்டறது. நான் ரெண்டாவதுக்கு மாறிட்டேன், திரும்பப் போற எண்ணம் இல்ல.

ரெண்டுக்கும் பொதுவானதை முதல்ல சொல்லிடறேன். 2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1965 போனஸ் சட்டப்படி மாசம் 21,000 வரைக்கும் வாங்கறவங்களுக்கு போனஸ் உண்டு, வருஷத்துல 30 நாளாவது வேலை பாத்திருக்கணும். ஆனா கணக்குக்கான உச்சவரம்பு 7,000 இல்லனா அந்தத் தொழிலோட குறைந்தபட்ச ஊதியம், ரெண்டுல எது அதிகமோ அது. பேசிக்கும் டிஏவும்தான் சேரும், ஓவர்டைம் சேராது. குறைஞ்சது 8.33, அதிகபட்சம் 20 சதவீதம். புது ஊதியச் சட்டத் தொகுப்புல இந்த வரம்புத் தொகையை அரசு அறிவிப்புலதான் சொல்லுவாங்க, அதனால எந்த வருஷத்துக்குப் போடறோமோ அந்த வருஷத் தொகையைப் பாத்துக்கங்க.

எல்லாரும் வருஷம் முழுக்க லீவ் போடாம வந்தா முதல் வழியே போதும், ரெண்டுலயும் ஒரே தொகைதான் வரும். சிக்கல் நடுவுல சேந்தவர்கிட்டதான். ஒருத்தர் பேசிக் டிஏ சேத்து 13,500, குறைந்தபட்ச ஊதியம் 12,000னு வச்சுக்கங்க. செப்டம்பர் 16ல சேந்தாரு, நவம்பர்ல 10 நாள் லாஸ் ஆஃப் பே, மார்ச்சோட கணக்கு முடியுது. மாசக் கணக்குல 7 மாசம்னு எடுத்தா 84,000க்கு 8.33 சதவீதம் 6,997.20, அரை மாசத்தை விட்டு 6 மாசம்னு போட்டா 72,000க்கு 5,997.60. ஒரே ஆளுக்கு ஆயிரம் ரூபா இடிக்குது, ரெண்டுமே தப்பு. நாள் கணக்குல செப்டம்பர் 6,000, நவம்பர் 20 நாளுக்கு 8,000, மீதி அஞ்சு மாசம் 60,000, மொத்தம் 74,000, போனஸ் 6,164.20. கம்பெனி 20 சதவீதம் குடுத்தா 7 மாசக் கணக்குல ஏறுற அந்த 10,000த்துக்கே 2,000 ரூபா கூடப் போயிரும்.

நவம்பர்ல அவர் வாங்கினது 9,000 ஆச்சே, வரம்புக்குள்ளதானே இருக்கு, அதையே எடுத்தா என்னன்னு சிலர் கேப்பாங்க, அப்படிப் போடறவங்களும் இருக்காங்க. நான் வரம்பையே நாளுக்கேத்த மாதிரி குறைக்கறேன், இல்லனா லீவ் போட்டவருக்கு ஒரு நாளுக்கான அடிப்படை முழுசா வந்தவரை விட அதிகமாயிடும்.

நாள் கணக்குலயும் ஒரு குழி இருக்கு. வேலையில அடிபட்டு வீட்டுல இருந்த நாளுக்கு ஈஎஸ்ஐதான் பணம் தரும், சம்பளப் பதிவேட்டுல அது ஜீரோன்னு நிக்கும். ஆனா குறைந்தபட்ச போனஸுக்கு அந்த நாள், சம்பளத்தோட லீவ், லே-ஆஃப், மகப்பேறு லீவ் எல்லாமே வேலை செஞ்ச நாள்தான். அதனாலதான் சம்பள ஷீட்டை விட்டுட்டு ஹாஜர் பதிவேட்டைப் பாக்கச் சொல்றேன், அதுல ஆப்சென்ட்னு பொதுவா போடாம லீவ் வகையைக் குறிச்சு வச்சிருந்தா வேலை பாதி முடிஞ்ச மாதிரி.