எட்டரைக் கணக்கில் எக்ஸ்ட்ரா பாடம்: சேர்ப்பதா, விடுவதா?

அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.இ. மாணவர் டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு வாங்க முக்கியமாக இரண்டு வேண்டும். மொத்தப் படிப்புக்கான சராசரியான சிஜிபிஏ 8.50-க்குக் குறையக்கூடாது, எல்லாப் பாடத்தையும் முதல் முறை எழுதும்போதே பாஸ் செய்திருக்க வேண்டும். கட்டாயப் பாடங்கள் மட்டும் இருக்கிறவரை இதில் குழப்பமில்லை. பட்டத்துக்குத் தேவையானதற்கு மேல் ஒருவர் விரும்பிப் படிக்கும் கிரெடிட்டையும் சராசரியில் சேர்ப்பதா என்று கேட்டால்தான் சிக்கல்.

2021 விதிமுறையின் பாடத்திட்டத்தில் என்.சி.சி. மாணவர்களுக்கென்று ஒரு கிரெடிட் பாடம் உண்டு. அதன் கீழே அடிக்குறிப்பு ஒன்று இருக்கும்: கிரேடு மார்க் ஷீட்டில் பதிவாகும், ஆனால் சிஜிபிஏ கணக்கில் வராது. இது 'விடுவது' என்ற வழி. இதற்கு எதிர் வழி, படித்த எல்லாவற்றையும் கூட்டி வகுப்பது. இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பது ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பட்டத்துக்கு 162 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் கிரேடுக்கான புள்ளியால் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுப்பதுதான் சிஜிபிஏ. எனவே 8.50 வர 1377 புள்ளி தேவை. ஒரு மாணவி 1380 வைத்திருக்கிறாள், அதாவது 8.52. கையில் மூன்று புள்ளி உபரி. அவள் கூடுதலாக 18 கிரெடிட், அதாவது மூன்று கிரெடிட் வீதம் ஆறு பாடம் எடுத்து, எல்லாவற்றிலும் 'ஏ' வாங்குகிறாள். ஏ என்றால் 8 புள்ளி, நல்ல கிரேடுதான். ஆனால் கிரெடிட்டுக்கு அரைப் புள்ளி எட்டரையைவிடக் குறைவு என்பதால் ஒவ்வொரு பாடமும் உபரியில் ஒன்றரைப் புள்ளியைத் தின்றுவிடும். இரண்டு பாடத்தோடு உபரி காலி, சராசரி சரியாக 8.50-இல் நிற்கும். மூன்றாவது பாடத்தில் டிஸ்டிங்ஷன் போய்விடும். ஆறும் முடியும்போது 1524-ஐ 180-ஆல் வகுத்தால் 8.47. கூடுதலாகப் படித்ததற்கு இதுதான் பரிசு!

அவள் தோழனிடம் இருப்பது 1373, அதாவது 8.48. நான்கு புள்ளி குறை. அவன் அதே 18 கிரெடிட்டில் 9 புள்ளியுள்ள 'ஏ பிளஸ்' வாங்கினால் பாடத்துக்கு ஒன்றரைப் புள்ளி ஏறும். மூன்றே பாடத்தில் குறை தீர்ந்துவிடும். ஆறும் முடித்தால் 8.53. 10 புள்ளியுள்ள 'ஓ' கிரேடு என்றால் ஒரே பாடம் போதும், நாலரைப் புள்ளி வந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, மொத்த கிரெடிட் 162-ஆ 170-ஆ என்பது முக்கியமே இல்லை. எட்டரைக்கு மேலா கீழா, எத்தனை புள்ளி தள்ளி நிற்கிறீர்கள் என்பது மட்டும்தான் கணக்கு.

சேர்க்கும் வழியின் கோளாறும் இங்கேதான். எட்டரையை ஒட்டி மேலே நிற்பவர் கடினமான பாடத்தைத் தொடவே பயப்படுவார். ஒட்டிக் கீழே நிற்பவர் எந்தப் பாடத்தில் ஓ கிரேடு சுலபமாக விழும் என்று சீனியர்களைத் துருவுவார். இரண்டுமே படிப்பு சார்ந்த முடிவு இல்லை. விடும் வழியில் இந்தப் பேரம் கிடையாது. என்ன, கணக்கில் வராத பாடத்தைத் தேர்வு வாரத்தில் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். அது உண்மையான குறைதான். ஆனாலும் எனக்கு அது சின்னக் குறையாகவே படுகிறது.

நடுவில் மூன்றாவது வழி ஒன்று சொல்வார்கள்: உயர்த்தினால் சேர், இறக்கினால் விடு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இதில் தோற்பதற்கே வழியில்லை, கட்டணமும் நேரமும் இருப்பவர் எட்டரை வரும்வரை எடுத்துக்கொண்டே போகலாம். ரிசல்ட்டுக்குப் பிறகு தேர்ந்தெடுக்க விடாமல், பதிவு செய்யும்போதே 'இது கணக்கில் உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டால் இந்த வழியும் சரிப்பட்டு வரும்.

சராசரியைவிட நான் அதிகம் பயப்படுவது அந்த இரண்டாவது நிபந்தனைக்கு. கூடுதல் பாடத்தில் ஃபெயில் ஆகி அடுத்த முறை எழுதிப் பாஸ் செய்தால், 'எல்லாப் பாடமும் முதல் முறையில்' என்பதில் அந்தப் பாடமும் சேருமா? சராசரியில் சேராது என்று எழுதிய விதி, இதற்கும் சேராது என்று தானாக ஆகிவிடாது. இரண்டும் தனித்தனி வரிகள். சேரும் என்று பொருள் கொண்டால், 9.4 வைத்திருப்பவர்கூட ஒரு விருப்பப் பாடத்தால் டிஸ்டிங்ஷனை இழப்பார். அதை எந்த 'ஓ'வும் ஈடு செய்யாது. எனவே ஐந்தாம் செமஸ்டரில் பதிவுப் படிவம் வரும்போது பரீட்சைப் பிரிவில் இரண்டு கேள்வி கேளுங்கள்: சிஜிபிஏ-வில் ஏறுமா, அரியர் விழுந்தால் என்ன ஆகும்? பதிலை வாயால் வாங்காதீர்கள், விதிமுறையில் எந்த வரி என்று காட்டச் சொல்லுங்கள்.