தகடூரா, தர்மபுரியா? தமிழ் மன்றத்துக்கு இணைய முகவரி தேர்ந்த கதை

அதியமானின் தலைநகரும் இன்றைய தர்மபுரியுமான தகடூரின் பெயரைத் தாங்கிய எங்கள் தமிழ் மன்றத்துக்கு இணைய முகவரி வாங்க முற்பட்டபோது, மூன்று வழிகளைப் பரிசீலித்தோம்: மன்றத்தின் முழுப்பெயரை ஒலிப்படி ஆங்கில எழுத்தில் எழுதுவது, தமிழ் எழுத்திலேயே முகவரி பெறுவது, எழுத்துக்கூட்டல் ஏற்கெனவே நிலைபெற்ற சொற்களை மட்டும் வைத்துச் சிறிய முகவரி அமைப்பது. நாங்கள் தேர்ந்தது மூன்றாவது வழியை.

ஒலிப்படி எழுதினால் தகரத்துக்கு t, th என இரண்டு, ககரத்துக்கு g, k, டகரத்துக்கு d, t, ஊகாரத்துக்கு u, oo என்று தகடூர் என்ற ஒரு சொல்லே 16 விதமாக வரும். அதனுடன் tamil, tamizh, thamil, thamizh ஆகிய நான்கையும் சேர்த்தால் 64. மன்றம் என்ற சொல்லை இன்னும் தொடவே இல்லை.

அடிக்கடி வழங்கும் நான்கைந்து வடிவங்களை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். வாங்குவது எளிது, ஆண்டுதோறும் புதுப்பிப்பதுதான் கடினம். நிர்வாகிகள் மாறிக்கொண்டே இருக்கும் மன்றத்தில், நினைவூட்டல் கடிதம் பழைய செயலாளரின் மின்னஞ்சலுக்கே போய்ச் சேரும். .org முகவரி காலாவதியானபின் பதிவு நிறுவனம் வழக்கமாகச் சில வாரங்கள் பொறுக்கும். பிறகு கூடுதல் கட்டணத்துடன் மீட்க 30 நாள் உண்டு. அதன்பின் 5 நாளில் பெயர் விடுவிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விழா அழைப்பிதழிலும் ஆண்டு மலரிலும் அச்சான முகவரி அப்படிக் கைமாறினால், நம் வாசகர் அந்நியர் தளத்தில் போய் நிற்பார்.

எனவே dharmapuritamil என்ற பெயரை .org முடிவுடன் முதன்மையாகக் கொண்டோம். dharmapuri என்ற எழுத்துக்கூட்டல் அரசு ஆவணங்களிலும் பேருந்துப் பலகைகளிலும் பழகியது; ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தை மாற்றி 2020 ஜூனில் வந்த அரசாணையும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தகடூர் என்ற பெயரை விட மனமில்லாததால், thagadur என்று தொடங்கும் ஒரே ஒரு முகவரியைக் கூடுதலாக வாங்கித் திருப்பிவிட்டிருக்கிறோம்.

தமிழ் எழுத்து முகவரியில் கூட்டல் சிக்கலே இல்லை, மனத்துக்கும் அதுவே நெருக்கமானது. ஆனால் .இந்தியா என்ற முடிவு கணினிக்குள் `.xn--xkc2dl3a5ee0h` என்றே இயங்குகிறது. நகலெடுத்து அனுப்பும்போது சில செயலிகளில் இந்த வடிவமே தலைகாட்டும். தமிழ் எழுத்து மின்னஞ்சலைப் பல விண்ணப்பப் படிவங்கள் ஏற்பதுமில்லை. நாங்கள் அதை நீண்ட நாள் பயன்படுத்திப் பார்க்காததால், அழைப்பிதழில் இரண்டாவது முகவரியாகப் போடத் தகும் என்ற அளவில் மட்டும் சொல்கிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பதிவைத் தனிநபர் பெயரில் வைக்காமல் மன்றத்தின் பெயரில் வைத்து, .org முகவரியை ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதிந்துகொள்ளலாம். பதிவுக் கணக்குக்குத் தரும் மின்னஞ்சல் அதே முகவரியில் இயங்குவதாக இருக்கக் கூடாது. முகவரி காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுபோய், மீட்பதற்கான கடிதம் யார் கைக்கும் வராது.